ஒரே பக்கத்தில் ஆறு இயக்குநர்கள்

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால், பங்கு வைத்திருப்பவர்களின் மின்னஞ்சலில் ஆண்டறிக்கைகள் வந்து குவியத் தொடங்கும். பலர் நேராக லாப நட்டக் கணக்குக்குப் போய்விடுவார்கள். டிவிடெண்ட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடிவைப்பவர்களும் உண்டு. இடையில் ஒரு பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கும்: இயக்குநர் குழுவை அறிமுகப்படுத்தும் பக்கம். வரிசையாகப் புகைப்படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு குறிப்பு. தலைவருக்கு இருபது வரி இருக்கும். வரிசையின் கடைசியில் உள்ள பெண் இயக்குநருக்கு மூன்று வரி. ஒருவருடைய குறிப்பு அவர் பள்ளியில் வாங்கிய தங்கப்பதக்கத்தில் தொடங்கும். இன்னொருவருடையது, ‘பல நிறுவனங்களில் பல உயர் பொறுப்புகளை வகித்தவர்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. இயக்குநர்களை நியமிப்பதும் மறுபடி நியமிப்பதும் பங்குதாரர்களின் ஓட்டு. கோவில்பட்டியில் உட்கார்ந்து ஐம்பது பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்த இயக்குநர்களை நேரில் பார்த்திருக்கமாட்டார். அவர்களைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் தகவலில் பெரும்பகுதி இந்தச் சிறு குறிப்புதான். ஒருவருக்கு நூறு சொல்லும் மற்றவருக்குப் பதினைந்து சொல்லும் ஒதுக்கினால், நூறு சொல் உள்ளவரே தகுதியில் உயர்ந்தவர் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் பதினைந்து சொல்காரர் நிறுவனம் கேட்டபோது ஊரில் இல்லாமல் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

பளபளப்பான குறிப்பு எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஒரு சாட்சி. 2008இல் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலர் இருந்தார், புகழ்பெற்ற வணிகப் பள்ளியின் தலைவரும் இருந்தார். 2009 ஜனவரி 7 அன்று நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பல ஆண்டுகளாகத் திரிக்கப்பட்டவை என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பெரிய பெயர்களைப் படித்துத் தைரியம் அடைந்திருந்த முதலீட்டாளர்களுக்கு, இவர்களில் யாருக்குக் கணக்கைக் கிளறிப் பார்க்கும் பழக்கம் உண்டு என்ற கேள்வியே அதுவரை எழவில்லை. உதய் கோட்டக் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு செபி 2018இல் விதிகளைத் திருத்தியது. குழுவுக்குத் தேவையான திறமைகள் எவை, எந்த இயக்குநரிடம் எது இருக்கிறது என்று ஆண்டறிக்கையில் அட்டவணை போடவேண்டும் என்ற கட்டாயம் அதன் வழியாக வந்தது.

ஆக, அறிமுகக் குறிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த மனிதர் ஏன் இந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை அது சொல்லவேண்டும். ஆறு பேருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒரே வரிசையில் வைத்தால் அளவும் நடையும் தாமாக ஒத்துவரும். இதைச் செய்யாமல், வந்த குறிப்புகளை வெட்டி ஒட்டிச் சமன்படுத்த முயன்றால் எத்தனை முறை திருத்தினாலும் பக்கம் கோணலாகவே நிற்கும்.

கோவையில் பம்ப் தயாரிக்கும், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நடுத்தர நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆறு இயக்குநர்கள். நிறுவனத்தைத் தொடங்கிய தலைவர், மேலாண் இயக்குநராக இருக்கும் அவருடைய மகன், நிதியைக் கவனிக்கும் முழுநேர இயக்குநர் ஆகிய மூவர் ஒரு பக்கம். ஓய்வுபெற்ற வங்கிப் பொது மேலாளர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, பொறியியல் கல்லூரிப் பேராசிரியை ஆகிய மூன்று சுயேச்சை இயக்குநர்கள் மறுபக்கம். கம்பெனி செக்ரட்டரி எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புகிறார்: ‘தங்களைப் பற்றிய குறிப்பை அனுப்பிவைக்கவும்.’

கோணல் தொடங்கும் இடம் இதுதான். தலைவரின் அலுவலகத்திலிருந்து அவருடைய எழுபதாவது பிறந்தநாள் மலரில் வந்த 240 சொல் கட்டுரை வருகிறது. மகன் ஒரு மாநாட்டில் பேசப் போனபோது அச்சிட்ட குறிப்பை அனுப்புகிறார். நிதி இயக்குநரிடமிருந்து வேலைக்கு விண்ணப்பித்த காலத்து பயோடேட்டா. வங்கியாளர் 12 பக்கம் அனுப்புகிறார். ஐ.ஏ.எஸ். அதிகாரியின் குறிப்பு அவர் பணியாற்றிய மாவட்டங்களின் பட்டியல். பேராசிரியை ஒரே வரி எழுதுகிறார்: ‘கல்லூரி இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.’

‘குறிப்பு’ என்று கேட்டால் அவரவர் கையில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். கேட்க வேண்டியவை கேள்விகள். இந்த நிறுவனத்தில் என்ன பொறுப்பு, எந்த மாதத்திலிருந்து, எந்த உட்குழுக்களில்? முக்கியமான பணி எது, எங்கே, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? அந்தப் பணியில் இந்த நிறுவனத்துக்குப் பயன்படும் அனுபவம் எது? என்ன படிப்பு? பட்டியலிடப்பட்ட வேறு எந்த நிறுவனங்களில் இயக்குநர்? ஐந்து கேள்விகளுக்கும் பதில்கள், இதே வரிசையில். பிறந்த ஊர், குடும்பப் பாரம்பரியம், பொழுதுபோக்கு எதற்கும் இதில் இடமில்லை.

வரிசைக்குக் காரணம் உண்டு. பதவியேற்ற மாதம் முதல் வாக்கியத்திலேயே வந்தால் வாசகர் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கம்பெனிச் சட்டம் 2013இன்படி சுயேச்சை இயக்குநருக்கு ஒரு தவணை அதிகபட்சம் ஐந்து ஆண்டு. தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது. 2021 ஆகஸ்டில் ஐந்தாண்டுக்கு வந்த வங்கியாளருக்கு 2026 ஆகஸ்டில் முதல் தவணை முடிகிறது என்பது அந்த ஒரு தேதியிலிருந்தே விளங்கிவிடும். படிப்பைப் பின்னால் தள்ளியதும் அப்படித்தான். அறுபது வயதைத் தாண்டியவர் இருபத்திரண்டு வயதில் எங்கே படித்தார் என்பதைவிட, அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதே ஓட்டுப் போடுபவருக்கு வேண்டியது.

அளவை எப்படித் தீர்மானிப்பது? நீளமாக எழுதியவரை வைத்து முடிவு செய்யக் கூடாது. சொல்வதற்குக் குறைவாக உள்ளவரிடம் ஐந்து கேள்விக்கும் முழுப் பதில் வாங்கி எழுதிப் பார்த்தால், இயல்பான அளவு கிடைத்துவிடும். தமிழில் அது ஏறக்குறைய ஐம்பது சொல். ஐந்து சொல் கூடலாம், ஐந்து குறையலாம். அதற்கு மேல் யாருக்கும் சலுகை இல்லை. அறிக்கை ஆங்கிலத்திலும் வருகிறதென்றால் அதற்குத் தனி எல்லை வைக்கவேண்டும். நம் மொழியில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே செய்திக்கு ஆங்கிலத்தில் சொற்கள் கூடுதலாகவே வரும்.

வங்கியாளரின் 12 பக்கம் இந்தச் சல்லடையில் இறங்கியபின் இப்படி நிற்கிறது. பெயரும் படமும் மேலே தனியாக வந்துவிடுவதால் உடற்பகுதியில் பெயரைத் திரும்பச் சொல்வதில்லை.

‘2021 ஆகஸ்ட் முதல் சுயேச்சை இயக்குநர், தணிக்கைக் குழுவின் தலைவர். 1983 முதல் 2019 வரை பொதுத்துறை வங்கி ஒன்றில் பணியாற்றினார். கடைசி ஆறு ஆண்டுகள் சிறு, நடுத்தரத் தொழில் கடன் பிரிவின் பொது மேலாளராக இருந்தார். ஜவுளி, பம்ப், வார்ப்படத் தொழில்களுக்கான கடன்களை மதிப்பிட்டதில் நீண்ட அனுபவம் உண்டு. வணிகவியலில் முதுகலைப் பட்டமும் வங்கியாளர் தேர்வில் சான்றிதழும் பெற்றவர். பட்டியலிடப்பட்ட வேறு ஒரு நிறுவனத்திலும் சுயேச்சை இயக்குநர்.’

அச்சில் போகும்போது வங்கியின் பெயரும் அந்த மற்றொரு நிறுவனத்தின் பெயரும் இருக்கும். இனி, ஒரே வரி அனுப்பிய பேராசிரியை. அவரிடம் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசி, அதே ஐந்து கேள்விகளைக் கேட்டால் கிடைப்பது:

‘2022 ஆகஸ்ட் முதல் சுயேச்சை இயக்குநர், நியமனம், ஊதியக் குழுவின் உறுப்பினர். 1997 முதல் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் கற்பிக்கிறார். 2010 முதல் பேராசிரியர், பம்ப் சோதனை ஆய்வகத்தின் பொறுப்பாளர். பம்புகளின் மின்செலவைக் குறைக்கும் வடிவமைப்பிலும் அதற்கான தரச் சோதனைகளிலும் நீண்ட அனுபவம் உண்டு. இயந்திரவியலில் முதுநிலைப் பட்டமும் திரவ இயக்கவியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். பட்டியலிடப்பட்ட வேறு நிறுவனங்களில் இயக்குநராக இல்லை.’

இரண்டும் ஐம்பது சொல்லை ஒட்டியே நிற்கின்றன. அதைவிட முக்கியமானது ஒன்று: பம்ப் நிறுவனத்தின் குழுவில் பம்ப் சோதனை ஆய்வகத்தை நடத்துகிறவர் இருக்கிறார் என்பது இப்போதுதான் வெளியே தெரிகிறது. பழைய அறிக்கையில் அவர் மூன்று வரிக்காரர். சட்டம் ஒரு பெண் இயக்குநர் வேண்டும் என்கிறது, அதற்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று வாசகர் நினைத்துப் போயிருப்பார். அது அவருக்கும் அநியாயம், ஓட்டுப் போடுகிறவருக்கும் நஷ்டம். கடைசி வாக்கியம் ‘இயக்குநராக இல்லை’ என்று இல்லாததையும் சொல்வதைக் கவனிக்கலாம். அதை விட்டுவிட்டால், உண்மையிலேயே இல்லையா, எழுத மறந்தார்களா என்பது தெரியாது.

இரண்டு குறிப்பிலும் ‘36 ஆண்டு அனுபவம்’, ‘தற்போது’, ‘கடந்த பத்தாண்டுகளாக’ என்ற சொற்கள் இல்லை. இப்படிப்பட்ட சொற்கள் அடுத்த மார்ச்சில் கெட்டுப்போகும். பழைய குறிப்பை அப்படியே எடுத்துப் போடும்போது ஒருவருக்கு ஓராண்டு கூட்டுவார்கள், இன்னொருவருக்கு மறந்துவிடுவார்கள். ஆண்டைக் குறித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ‘தொலைநோக்குச் சிந்தனையாளர்’, ‘பன்முக ஆளுமை’ போன்ற அடைமொழிகளையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட வேண்டும். ஒருவருக்கு மட்டும் விட்டுவைத்தால், மற்ற ஐவரும் தொலைநோக்கு இல்லாதவர்கள் என்றாகிவிடும்.

தலைவரின் 240 சொல்தான் இருப்பதிலேயே சிக்கலான பகுதி. ஒரு கடைசல் இயந்திரத்தோடு வாடகைக் கொட்டகையில் தொடங்கி, முதல் பம்பைத் தாமே மிதிவண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த கதை அதில் இருக்கிறது. நல்ல கதை, குப்பையில் போடுவதற்கானது அல்ல. ஆனால் அதன் இடம் தலைவரின் கடிதம் அல்லது நிறுவன வரலாற்றுப் பக்கம். அறிமுகப் பக்கத்தில் அவருக்கும் ஐம்பது சொல்தான்: எந்த ஆண்டு நிறுவனத்தைத் தொடங்கினார், எதுவரை மேலாண் இயக்குநராக இருந்தார், எப்போதிலிருந்து தலைவர். வெட்டியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டிவிட்டால் பெரும்பாலான தலைவர்கள் ஒப்புக்கொள்வார்கள். காட்டாமல் வெட்டினால் 240 சொல்லும் மறுநாளே திரும்பி வரும்.

பெயரில் நடக்கும் குழப்பம் தமிழ்நாட்டுக்கென்றே உள்ளது. நம் ஊரில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். மத்திய அரசின் கம்பெனிப் பதிவேட்டில் முதல்பெயர், கடைசிப்பெயர் என்று கட்டங்கள் இருப்பதால் அந்த முதலெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகிப் பின்னால் போய் உட்காரும். விளைவு, ஒரே மனிதர் அறிமுகப் பக்கத்தில் ஒரு பெயரிலும், வருகைப் பதிவு அட்டவணையில் வேறு பெயரிலும், கணக்கில் கையெழுத்திடும் இடத்தில் மூன்றாவது பெயரிலும் தோன்றுவார். வெளிமாநில வாசகர் இவர்களை இரண்டு ஆட்களாகவே எண்ணுவார். நிதிநிலை அறிக்கையில் இயக்குநர் கையெழுத்திடும் பெயர் எதுவோ, அதையே எல்லாப் பக்கத்திலும் போடுவது பாதுகாப்பு. பக்கத்தில் அவருடைய எட்டு இலக்க இயக்குநர் அடையாள எண்ணும் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களிலும் ஒரே விதி வேண்டும். ஆறு பேரில் ஒருவருக்கு ‘திரு’, ஒருவருக்கு ‘டாக்டர்’, ஒருவருக்கு ஒன்றுமே இல்லை என்பது கூடாது. கௌரவ முனைவர் பட்டம் பெற்றவர் ‘டாக்டர்’ என்று போடச் சொன்னால், உடற்பகுதியில் ‘கௌரவ முனைவர் பட்டம்’ என்று ஆண்டோடு எழுதுவதே நேர்மை. பத்ம விருதுகளுக்கு உச்ச நீதிமன்றமே வழி சொல்லியிருக்கிறது. பாலாஜி ராகவன் வழக்கில் 1995 டிசம்பரில் வந்த தீர்ப்பின்படி, பாரத ரத்னா, பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டமாகச் சேர்க்கக் கூடாது. ‘இன்ன ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்’ என்று உடற்பகுதியில் சொல்வதில் தவறில்லை. ஆனாலும் ஆண்டறிக்கைகளில் ‘பத்மஸ்ரீ’ பெயருக்கு முன்னால் நிற்பதை இன்றும் பார்க்க முடிகிறது.

உறவுமுறையையும் இங்கே சொல்லிவிடலாம். மருமகள் இயக்குநராக இருந்தால் ‘தலைவரின் மருமகள்’ என்று எழுதுவார்கள்; மகன் இருந்தால் அதை விட்டுவிடுவார்கள். இயக்குநர்களுக்கு இடையிலான உறவை வெளியிடுவது கட்டாயம். ஆகவே எழுதினால் இருவருக்கும் எழுதவேண்டும், தலைவரின் குறிப்பிலும் மறுமுனை தெரியவேண்டும்.

நடை எவ்வளவு ஒத்திருந்தாலும் தகவல் பொய்யானால் என்ன நடக்கும் என்பதற்கு யாஹூ நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டுக் கதை போதும். அந்த ஆண்டு ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த ஸ்காட் தாம்சனின் குறிப்பு, அவர் கணக்கியலிலும் கணினி அறிவியலிலும் பட்டம் பெற்றவர் என்றது. நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்த ஆவணத்திலும் அது இடம்பெற்றது. மே மாதம், யாஹூவில் பங்கு வைத்திருந்த தேர்டு பாயின்ட் என்ற முதலீட்டு நிறுவனம் கல்லூரியில் விசாரித்தது. அவருடைய பட்டம் கணக்கியலில் மட்டுமே. அவர் படித்த காலத்தில் அந்தக் கல்லூரி கணினி அறிவியலில் பட்டமே கொடுக்கவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைமை வகித்த இயக்குநரின் படிப்பிலும் வித்தியாசம் இருப்பது கூடவே வெளிவந்தது. மே மாதம் முடிவதற்குள் தாம்சன் பதவி விலகினார். குறிப்பில் ஒரு அரை வாக்கியம். கல்லூரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கக் கூடியது.

நம் பம்ப் நிறுவனத்தில் இதற்கு இரண்டு சோதனை போதும். இயக்குநர் பதவியேற்கும்போதே பட்டச் சான்றிதழின் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பது முதலாவது. இரண்டாவதற்கு ஏற்கெனவே ஒரு படிவம் இருக்கிறது. ஒவ்வொரு நிதியாண்டும் குழுவின் முதல் கூட்டத்தில் ஒவ்வொரு இயக்குநரும், தமக்கு எந்த நிறுவனங்களில் தொடர்பு உண்டு என்று எம்.பி.பி.-1 படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். குறிப்பின் கடைசி வாக்கியத்தை அந்தப் படிவத்தைப் பார்த்தே எழுதலாம். நினைவிலிருந்து எழுதினால், போன வருடம் விலகிய நிறுவனம் இந்த வருடமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு அதே அறிக்கையின் மற்ற பக்கங்களோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பிழைகள் அதிகம் பதுங்கியிருப்பது இங்கேதான். நிறுவன ஆளுமை அறிக்கையில் ஒவ்வொருவரும் எத்தனை உட்குழுக்களில் இருக்கிறார் என்று அட்டவணை இருக்கும். செபியின் உச்சவரம்புக்கு அதில் தணிக்கைக் குழுவும் பங்குதாரர் உறவுக் குழுவும் மட்டுமே எண்ணப்படும். அறிமுகக் குறிப்பு எழுதியவர் எல்லாக் குழுக்களையும் கூட்டி ‘ஆறு குழுக்களில் உறுப்பினர்’ என்று போட்டிருப்பார். அட்டவணையில் இரண்டு என்றிருக்கும். இரண்டுமே சரிதான், ஆனால் படிப்பவருக்கு ஒன்று பொய்யாகத் தெரியும். எண்ணிக்கையைக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டு, இந்த நிறுவனத்தின் குழுக்களை மட்டும் பெயரோடு சொல்வதே இதற்குத் தீர்வு. தேதியிலும் இதே கோளாறு வரும். அட்டவணை மார்ச் 31 நிலவரம், குறிப்பு அச்சுக்குப் போன நாள் நிலவரம் என்று இருந்தால், மே மாதம் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தவர் ஒரு பக்கத்தில் இருப்பார், மறுபக்கத்தில் இருக்கமாட்டார். பக்கத்தின் அடியில் ‘மார்ச் 31 நிலவரப்படி’ என்று ஒரு வரி போட்டு, பின்னால் வந்த மாற்றத்தை அடிக்குறிப்பாகச் சொல்லலாம்.

இந்த ஆண்டு ஓட்டுக்கு வரும் இயக்குநரின் குறிப்பு மட்டும் திடீரென வீங்கிவிடுவதும் உண்டு. நியமனமோ மறுநியமனமோ நடக்கும்போது செபி விதி 36இன்படி சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பு, நிபுணத்துவம், மற்ற இயக்குநர்களோடு உறவு, கடந்த மூன்று ஆண்டுகளில் விலகிய பட்டியலிட்ட நிறுவனங்கள், பங்கு இருப்பு எல்லாம் தரவேண்டும். கம்பெனி செக்ரட்டரிகளின் நிறுவனம் வகுத்த நடைமுறைத் தரம், வயதையும் ஊதியத்தையும் கலந்துகொண்ட கூட்டங்களையும் சேர்த்துக் கேட்கிறது. இவையெல்லாம் ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பின் இணைப்பில் அட்டவணையாக வரவேண்டியவை. அங்கே இடத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. வங்கியாளர் இந்த முறை ஓட்டுக்கு வருகிறார் என்பதால் அறிமுகப் பக்கத்தில் அவருடைய ஐம்பது சொல் முந்நூறாக வேண்டியதில்லை. ‘விவரம் அழைப்பின் இணைப்பில்’ என்று பக்க எண் கொடுத்தால் போதும்.

கடைசியாக, ஒப்புதல். ஒவ்வொருவருக்கும் அவரவர் குறிப்பை மட்டும் அனுப்பினால், ஒவ்வொருவரும் இரண்டு வரி சேர்த்து அனுப்புவார்கள். அதற்குப் பதிலாக, ஆறு பேரும் ஒரே பக்கத்தில் இருப்பதுபோல் வடிவமைத்து, முழுப் பக்கத்தையும் ஆறு பேருக்கும் அனுப்புவது நல்லது. தலைவருக்கும் பேராசிரியைக்கும் ஒரே அளவு என்பதைக் கண்ணால் பார்த்தபின் கூடுதல் வரி கேட்கக் கை தயங்கும். கூட வரும் கடிதத்தில் தகவல் பிழை இருந்தால் மட்டும் திருத்தவும் என்று சொல்லி, ஒரு தேதியும் குறிக்கவேண்டும். அழைப்பு பொதுக்கூட்டத்துக்கு முழுதாக 21 நாள் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். செப்டம்பர் இறுதியில் கூட்டம் என்றால் ஜூலைக்குள் இந்தப் பக்கம் முடிந்துவிடுவது வடிவமைப்பாளருக்கும் அச்சகத்துக்கும் மூச்சுவிட இடம் கொடுக்கும்.

முடிந்தபின், அந்த ஐந்து கேள்விகளும் ஆறு பேரின் பதில்களும் ஒரு தாளில் கம்பெனி செக்ரட்டரியின் கோப்பில் இருக்கும். அடுத்த நிதியாண்டின் முதல் குழுக்கூட்டத்தில் எம்.பி.பி.-1 படிவங்கள் கைக்கு வரும்போது, அந்தத் தாளில் எந்த வரி மாறியிருக்கிறதோ அதை மட்டும் திருத்தினால் போதும். புதிதாக யாராவது குழுவில் சேர்ந்திருந்தால், அவரிடமும் அதே ஐந்து கேள்விகள்.